முன்நெற்றியில் முடி இரு திசையில் வளர்கிறதா? பொருத்தமான வெட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

உச்சந்தலையில் இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்று சொல்லி நம் வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். நெற்றிக்கு மேலே விழுந்திருக்கும் சுழியைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் தினமும் காலையில் கண்ணாடி முன் ஓர் ஆணைப் பாடாய்ப் படுத்துவது அந்த முன்சுழிதான். சீவியதும் படிந்தது போல் இருக்கும். சட்டை பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் ஒரு கொத்து இடப்பக்கம் சாயும், மற்றது வலப்பக்கம் போகும், நடுவில் நெற்றித் தோல் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தலைகளை நிறையப் பார்க்கிறேன். பெரும்பாலும் அந்தத் தலைகளுக்கு ஒரே தவறுதான் நடந்திருக்கிறது: எழும்பி நிற்கிற கொத்தை யாரோ குட்டையாக வெட்டியிருப்பார்கள். அது இன்னும் எழும்பியிருக்கும். மறுமுறை இன்னும் கொஞ்சம் வெட்டியிருப்பார்கள். அந்தக் கொத்தைக் கத்தரியால் அடக்க முடியாது. அது எந்தப் பக்கம் போக விரும்புகிறது என்று கண்டுபிடித்து, வெட்டை அதற்கு ஏற்ப அமைக்க வேண்டும்.

முதலில் காரணம்

முடி தோலிலிருந்து நேராக மேலே வருவதில்லை. ஒவ்வொரு வேரும் தோலுக்குள் சாய்வாக அமர்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடுகிறது. முன்நெற்றியில் ஒரு பகுதி வேர்கள் வலப்பக்கமும் அடுத்த பகுதி இடப்பக்கமும் சாய்ந்திருந்தால், இரண்டும் பிரியும் இடத்தில் பிளவு விழும். பல வருடம் ஒரே பக்கமாகச் சீவினால் வேர் பழகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வேர் பழகாது. முடியை ரசாயனம் போட்டு நேராக்கினாலும், வெளியே இருக்கிற முடி மட்டும்தான் நேராகும். அடுத்த மாதம் முளைத்து வருவது பழைய சாய்விலேயே வரும்.

முன்சுழியில் வகைகள் உண்டு. சிலருக்கு முடி நெற்றியிலிருந்து நேரே மேலே எழுந்து பிறகு திரும்பும். அவர்களுக்கு வேலை சுலபம்: முன்முடியை ஆறேழு சென்டிமீட்டர் விட்டு, மேலே தூக்கிப் பின்னால் வாரும் வெட்டே போதும்; பிறர் டிரையர் பிடித்து வரவழைக்கும் எழுச்சி அவர்களுக்கு இயல்பாகவே இருக்கிறது. சிலருக்கு இரண்டு ஓட்டங்களும் எதிரெதிரே வந்து மோதி ஒரு வரப்பு போல நிற்கும். அது அரிது. அதிகமாக வருவதும் அதிகமாகக் கெடுக்கப்படுவதும் பிளவுதான், அதுவும் நடுவில் இல்லாமல் ஒரு கண்ணுக்கு மேலே விழும் பிளவு. இனி எழுதுவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

படி 1: ஓட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

கடைக்குப் போவதற்கு முந்தின நாள் ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளியுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். எண்ணெயின் கனம் முடியைப் படிய வைத்து உண்மையை மறைத்துவிடும். துண்டால் பரபரவென்று தேய்க்காமல் அழுத்தி ஈரத்தை எடுங்கள். தலையைக் குனிந்து இரண்டு முறை உதறுங்கள். பிறகு சீப்பு, கை எதையும் வைக்காமல் தானாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு நேராக ஒரு படமும் மேலிருந்து ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிதிருத்துபவரிடம் காட்ட வேண்டியது இந்தப் படத்தைத்தான். நடிகரின் படம் அதற்குப் பிறகு.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் மொட்டை போட்டவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் முடி அரை சென்டிமீட்டர் போல வளர்ந்திருக்கும்போது, விரல் நுனியை வலது நெற்றிப்பொட்டில் வைத்து முடி ஓரமாகவே இடப்பக்கம் மெதுவாக நகர்த்துங்கள். ஓட்டத்துக்கு எதிராகப் போகும்போது விரலில் சொரசொரப்பு தட்டும். ஓட்டத்தோடு போகும்போது வழவழப்பாக இருக்கும். சொரசொரப்பு வழவழப்பாக மாறுகிற அந்த ஒரு புள்ளிதான் பிளவு. கண்ணாடியில் தெரியாதது விரலுக்குத் தெரிந்துவிடும்.

முடி நீளமாக இருந்தால் வேறு வழி. தலையை நனைத்து, எல்லா முடியையும் நெற்றியில் நேராக முன்னால் சீவுங்கள். உள்ளங்கையை உச்சியில் வைத்து முன்பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள். முன்முடி ஓரிடத்தில் தானாகப் பிரிந்து திறக்கும். அந்த இடம் புருவத்தின் எந்தப் பகுதிக்கு மேலே வருகிறது என்று பாருங்கள்: மூக்குக்கு நேரே, கண்ணின் உள்முனைக்கு நேரே, கருவிழிக்கு நேரே.

படி 2: எந்தப் பக்கம் பலம்?

பிளவு நடுவில் இல்லை என்றால் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். அகலமான பக்கம் எங்கே சாய்கிறதோ அதுதான் வாரும் திசை. இதை மீறி வாரினால் நாள் முழுக்க அத்தனை முடியோடும் மல்லுக்கு நிற்க வேண்டும். திசையோடு வாரினால் குறுகலான பக்கத்தை மட்டும் சமாளித்தால் போதும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறுவயதிலிருந்து அம்மா வகிடு எடுத்துவிட்ட பக்கத்திலேயே பலர் இன்னும் வகிடு எடுக்கிறார்கள். அது அவரவர் ஓட்டத்துக்கு நேர் எதிராக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். வகிட்டை மாற்றியதும் பாதிச் சிக்கல் அந்த நாற்காலியிலேயே தீர்ந்துவிடுகிறது.

படி 3: நீளம்

முடி குட்டையாக இருக்கும்போது வேரின் சாய்வுதான் அதை ஆளும். நீளமானால் அதன் கனம் ஆளத் தொடங்கும். நம்மவர்களின் தடித்த கறுப்பு முடியில், நேராகவோ லேசாக அலையோடியோ இருந்தால், நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் எல்லா முடியும் ஒன்றுபோல நிற்கும், பிளவு பெரிதாகத் தெரியாது. நம்பர் 2 மெஷின் சுமார் 6 மில்லிமீட்டரும் நம்பர் 3 சுமார் 10 மில்லிமீட்டரும் விடும், இரண்டும் பாதுகாப்பானவை. நம்பர் 1 விடுவது 3 மில்லிமீட்டர். அதில் தோல் தெரிவதால் சுழியின் வடிவமே கோலம் போலத் தெரியும், அதனால் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் வரை ஆபத்தான பகுதி. நிற்கிற அளவுக்கு நீளம் உண்டு, படிகிற அளவுக்குக் கனம் இல்லை. நெற்றியில் நேர்க்கோடாக விழும் குட்டை முன்முடி வெட்டு இந்த நீளத்தில்தான் வருகிறது. பிளவு உள்ள தலையில் அந்தக் கோடு காய்ந்ததும் கூரை பிரிந்தது போல இரண்டாகத் திறந்துகொள்ளும். ஏழு சென்டிமீட்டரைத் தாண்டிய பிறகுதான் முடி சொன்ன இடத்தில் படுக்கத் தொடங்கும். சுருட்டை முடிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குச் சுருளே பிளவை மூடிவிடும்.

ஆகவே தேர்வு இரண்டுதான்: ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே, அல்லது ஏழுக்கு மேலே. பிளவு மூக்குக்கு நேரே இருந்தால் பன்னிரண்டு சென்டிமீட்டர் வரை வளர்த்து நடு வகிடு எடுக்கலாம். ஆனால் பினாங்கின் புழுக்கத்தில் நெற்றியின் இரு பக்கமும் முடி தொங்குவதை எல்லாராலும் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஒரு தலையை எடுத்துக்கொள்வோம்

பட்டர்வொர்த்தில் குடியிருக்கும் ஓர் இளைஞர். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலத்தைக் கடந்து வருகிறார். பதின்மூன்றரை கிலோமீட்டர், கடல் காற்று, தலைக்கவசம். வேலை நேரம் முழுக்கத் தலையை மூடிய தூய்மை அறை உடை. முன்முடி நான்கு சென்டிமீட்டர். நெற்றியில் நேர்க்கோடு வெட்டு வேண்டும் என்று வந்தார்.

"அண்ணே, போன தடவை வெட்டினவர் இந்தக் கொத்தைச் சரியாக எடுக்கவில்லை. கொஞ்சம் குறைத்துவிடுங்கள்."

"குறைத்ததால்தான் தம்பி அது நிற்கிறது. நனைத்துக் காட்டுகிறேன், பாருங்கள்."

நனைத்து முன்னால் சீவித் தள்ளியதும் இடது கருவிழிக்கு நேர் மேலே பிளவு திறந்தது. அதற்கு வலப்பக்கம் இருந்த முடியெல்லாம், அதாவது முன்நெற்றியின் முக்கால் பாகம், வலப்பக்கமே ஓடியது. பிளவுக்கும் இடது நெற்றிப்பொட்டுக்கும் இடையில் மூன்று விரல் அகலம் மட்டும் இடப்பக்கம் போனது. அவர் வகிடு எடுத்துக்கொண்டிருந்தது வலப்பக்கத்தில். முக்கால் பாக முடியை ஓட்டத்துக்கு எதிரே இழுத்துக்கொண்டிருந்தார்.

முடிவு இப்படி: வகிடு இடது கருவிழிக்கு நேரே, பிளவின் மேலேயே. வலப்பக்கம் வாரும் முன்முடி எட்டு சென்டிமீட்டர். உச்சிக்குப் போகப் போக ஆறு. குறுகலான இடப்பக்க மூன்று விரலை இடது காதுப்பக்க முடியோடு சேர்த்துவிட வேண்டும்: வகிட்டை ஒட்டி இரண்டு சென்டிமீட்டரில் தொடங்கி, காதுக்கு மேலே நம்பர் 3, கிருதாவில் நம்பர் 2. அந்தத் துண்டு போகிற பக்கத்திலேயே குட்டையாகப் போகட்டும். மேலே இருக்கிற கூட்டத்தோடு சேர்த்து அதை வலப்பக்கம் இழுத்தால்தான் அது துள்ளும்.

அவரிடம் இருந்தது நான்கு சென்டிமீட்டர்தான். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். எட்டுக்குப் போக நான்கு மாதம். அன்று முன்முடியில் கத்தரியே வைக்கவில்லை. பக்கங்களை மட்டும் எடுத்து, வகிட்டை இடம் மாற்றி அனுப்பினேன். முழு மொட்டையிலிருந்து தொடங்குபவர்களுக்கு எட்டு மாதம் ஆகும். அதில் இரண்டாவது மாதத்திலிருந்து ஐந்தாவது மாதம் வரை பொறுமை வேண்டும். அந்த இடைக்காலத்தில் முன்முடியைச் சற்று மேலே தூக்கி, ஓட்டம் போகும் பக்கமாகச் சாய்த்து வாருவதே தப்பிக்கும் வழி.

படி 4: வெட்டும்போது கேட்க வேண்டியவை

முன்முடியைக் காய்ந்த நிலையில் வெட்டச் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஈரமான முடியைச் சீப்பால் இழுத்துப் பிடித்தால் பிளவு மறைந்துவிடும், முடி நீண்டும் தெரியும். அந்த நிலையில் புருவத்தருகே வெட்டியது, காய்ந்து வேரில் எழும்பியதும் நெற்றியின் பாதிக்கு ஏறி நிற்கும். பக்கங்களையும் பின்பக்கத்தையும் ஈரத்தில் வெட்டலாம். முன்பக்கத்தைக் காயவைத்து, அது விழுகிறபடி விழவிட்டு, இழுக்காமல் வெட்ட வேண்டும்.

அடுத்தது பல்கத்தரி. முடி அடர்த்தியாக இருந்தால் பலர் பல்கத்தரியை எடுத்து வேரோரமாக நறுக்குவார்கள். சுழியில் அதைச் செய்தால் மேலே இருக்கும் நீள முடிக்கு அடியில் குட்டைக் குட்டையாக நூறு முடிகள் முளைக்குச்சி போல நிற்கும். மேல் முடியையும் தூக்கிவிடும். பிளவைச் சுற்றி மூன்று விரல் வட்டத்துக்குள் பல்கத்தரி வரவே கூடாது. நுனியில் மட்டும், கத்தரி முனையைச் செங்குத்தாகப் பிடித்துக் கொத்தினால் போதும். கோடு உடையும், கனம் போகாது.

மூன்றாவது கத்தி. நெற்றி ஓரத்தைக் கத்தியால் நேர்க்கோடாக வழிக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. சுழி உள்ள ஓரத்தில் இது பெரிய கேடு. வழித்த முடி சில நாளில் முள்ளாக எழும்பி, பின்னால் இருக்கும் நீள முடியை முன்னால் தள்ளும். நெற்றி ஓரத்தைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கிருதா, பிடரி இரண்டையும் கத்தியால் எடுக்கலாம், தடையில்லை.

கடையில் இப்படிச் சொல்லலாம்: "எனக்கு முன்சுழி இருக்கிறது, இடது கண்ணுக்கு மேலே பிரிகிறது. அங்கேயே வகிடு எடுங்கள். முன்னால் உலர்ந்தபடி வெட்டுங்கள், சுழியில் பல்கத்தரி வேண்டாம், நெற்றி ஓரத்தை வழிக்க வேண்டாம்." எந்த முடிதிருத்துபவரும் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். தொழில் தெரிந்தவர் சந்தோஷப்படுவார்.

எழுவதற்கு முன் ஒரு சோதனை. போமேட், ஜெல் எதுவும் பூசுவதற்கு முன், தலையைக் குனிந்து உதறி நிமிருங்கள். வகிடு தானாக அதே இடத்தில் விழுந்தால் வெட்டு சரி. ஒரு கொத்து மட்டும் வகிட்டைத் தாண்டி மறுபக்கம் விழுந்தால் வகிடு பிளவின் மேல் இல்லை; அரை விரல் நகர்த்தச் சொல்லுங்கள். அந்தக் கொத்தை வெட்டச் சொல்லாதீர்கள்.

படி 5: காயவைக்கும் முறை

முடி ஈரமாக இருக்கும்போது அதனுள்ளே சில பிணைப்புகள் தளர்கின்றன. காயும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி இறுகுகின்றன. ஆகையால் குளித்த பிறகான சில நிமிடங்கள்தான் முன்சுழிக்காரருக்கு முக்கியமானவை. பாதி காய்ந்த பிறகு எவ்வளவு மெழுகு பூசினாலும் பயன் குறைவு.

துண்டால் அழுத்தியதும், வேறு எங்கும் போகாமல் சுழியிலிருந்து தொடங்குங்கள். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து, காற்று மேலிருந்து கீழாக வேரில் படும்படி பிடியுங்கள். விரல்களால் முன்முடியை நெற்றியோடு ஒட்டி முதலில் இடப்பக்கம் தள்ளுங்கள், பிறகு வலப்பக்கம், மறுபடி இடம், மறுபடி வலம். இரு பக்கமும் தள்ளுவதால் வேர் ஒரு பக்கமாகவே சாய்ந்து இறுகுவது தடைப்படுகிறது. வேர் உலர்ந்ததும் வாரும் திசைக்குக் கொண்டுவந்து, கடைசியில் குளிர்காற்றை விட்டு உள்ளங்கையால் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். டிரையர் இல்லாதவர்கள் மின்விசிறி முன் நின்று கையால் இதையே செய்யலாம், நேரம்தான் கூடும்.

அதன் பிறகு பட்டாணி அளவு கிளே அல்லது மெழுகு போதும். உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்து, பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்து, மீதியைச் சுழியின் வேரில் விரல் நுனியால் அழுத்துங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகம். நீர் கலந்த ஜெல் வியர்வையில் கரைந்து நெற்றியில் வழியும், சுழியும் மறுபடி திறந்துகொள்ளும். மெழுகு அடிப்படையிலானது இங்கே அதிக நேரம் தாங்கும்.

தலைக்கவசம் போடுபவர்களுக்கு ஒரு விதி: ஈரத்தலையில் போடாதீர்கள். உள்ளே முடி பிளந்தபடியே காய்ந்து இறுகிவிடும், பாலம் கடந்து இறங்கும்போது ஒன்றும் செய்ய முடியாது. வேலையிடத்தில் கழற்றியதும் சீப்பை எடுக்காமல், விரல் நுனியை நனைத்துச் சுழியின் வேரை மட்டும் ஈரமாக்கி, இரு பக்கமும் தள்ளி, வாரும் திசையில் ஒரு நிமிடம் அழுத்துங்கள். அந்த இளைஞர் தூய்மை அறையிலிருந்து வெளியே வந்ததும் இதைத்தான் செய்கிறார்.

சுழியா, முடி உதிர்வா?

முப்பதைத் தாண்டிய சிலர் "சுழி பெரிதாகிவிட்டது" என்று வருகிறார்கள். சுழி பெரிதாவதில்லை. பள்ளி அடையாள அட்டைப் படத்தை எடுத்துப் பாருங்கள். அதே இடத்தில் அதே அகலத்தில் பிளவு இருந்தால் அது சுழி. அப்போது இல்லாத அகலம் இப்போது இருந்தால், அங்கே இருக்கும் முடியைப் பக்கத்து முடியோடு ஒப்பிடுங்கள். மெலிந்து பஞ்சு போல இருந்தால் முடி உதிர்வு தொடங்கியிருக்கிறது. அதற்குத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெட்டை மாற்றிப் பயனில்லை. அது வரைக்கும் நம்பர் 3 மெஷின் வெட்டு இரண்டுக்கும் பொருந்தும்.

அடுத்த முறை எப்போது?

பக்கங்களுக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறை வாருங்கள். குறுகலான பக்கத் துண்டு மூன்று சென்டிமீட்டரைத் தொட்டால் நிற்கத் தொடங்கும், ஆகவே இதைத் தள்ளிப்போட வேண்டாம். முன்முடி எட்டை அடைந்த பிறகு, இரண்டு வருகைக்கு ஒரு முறை நுனியில் ஒன்றரை சென்டிமீட்டர் போல எடுத்தால் போதும். கடை மாற நேர்ந்தால், வெட்டு சரியாக அமைந்த நாளில் முன்னாலிருந்தும் வகிட்டுப் பக்கத்திலிருந்தும் எடுத்த படத்தை, முதலில் எடுத்த உலர்ந்த தலைப் படத்தோடு சேர்த்துக் காட்டுங்கள்.